கதவுக்கு முட்டுக் கொடுத்த பெட்டி

எங்கள் சர்க்யூட் லேபில் எட்டாவது பரிசோதனையின் பெயர், மாறுதிசை மின்சுற்றில் அதிகபட்ச மின்திறன் மாற்றம். ரெக்கார்டு நோட்டில் அதற்கு நான்கு பக்கம். முதல் பக்கத்தில் தேற்றம், கீழே சிவப்பு மையில் கோடு: ‘லோடின் இம்பீடன்ஸ், சோர்ஸின் இம்பீடன்ஸுக்குக் காம்ப்ளெக்ஸ் கான்ஜுகேட்டாக இருக்கும்போது லோடுக்கு அதிகபட்ச பவர் போய்ச் சேரும்.’ இரண்டாம் பக்கத்தில் படம். படத்தில் லோடு, அதாவது பவரை வாங்கும் பக்கம், என்ற இடத்தில் ஒரே ஒரு ரெசிஸ்டர் உட்கார்ந்திருக்கும். முதல் பக்கம் சொன்னதை இரண்டாம் பக்கம் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மூன்றாம் பக்கம் அட்டவணை. நான்காம் பக்கம் கிராஃப். குன்று மாதிரி ஏறி, முந்நூறு ஓமில் முப்பது மில்லிவாட் என்று உச்சியைத் தொட்டு, மெல்ல இறங்கும்.

இந்த நான்கு பக்கத்தையும் எங்கள் காலத்தில் எழுதியவர் என்று யாரும் கிடையாது. பார்த்து எழுதியவர்கள்தான். எனக்கு ஒன்பது வருடம் முந்தைய ஒரு புண்ணியவான் இருநூறு ஓமுக்கு நேரே 28.8 என்று வரவேண்டிய இடத்தில் 23.8 என்று எழுதிவிட்டார். அதனால் கிராஃப் ஏறும் வழியில் ஒரு குழி விழுந்தது. அந்தக் குழி அன்றிலிருந்து எல்லா நோட்டிலும் விழுந்துகொண்டிருக்கிறது. வருடத்துக்கு நூற்றிருபது பேர், நூற்றிருபது குழி. குழி இல்லாத கிராஃபைக் கொண்டுபோனால் எங்கள் பேராசிரியர் சந்தேகத்தோடு பார்ப்பார். “குழி எங்கப்பா? ரீடிங் எடுத்தியா, வீட்ல உக்காந்து போட்டியா?” என்பார்.

அவரை நாங்கள் ஈரவிரல் என்போம். நோட்டின் பக்கத்தைத் திருப்ப ஆள்காட்டி விரலை நாக்கில் வைத்து எடுப்பார். ஒரு பக்கத்துக்கு ஒரு நக்கல். நோட்டைத் திரும்ப வாங்கும்போது வலது கீழ் மூலை நைந்து, உப்பி, சில சமயம் இன்னும் குளிர்ச்சியாக இருக்கும். முதல் வருடம் வாங்கியதும் வாந்தி வரும். மூன்றாம் வருடம் வாங்கியதும் மூலையைச் சட்டையில் துடைத்துவிட்டுச் சாப்பிடப் போவோம். இதைத்தான் கல்லூரி விளம்பரத்தில் ஆளுமை வளர்ச்சி என்று போட்டிருக்கிறார்கள் என நினைக்கிறேன்.

இந்த லேபில் நான் இரண்டு முறை தோற்றவன். முதல் முறை எனக்கு அம்மை. இரண்டாம் முறை வாய்மொழித் தேர்வில் இதே எட்டாவது பரிசோதனை. தேற்றம் என்ன என்று ஈரவிரல் கேட்டார். “லோடும் சோர்ஸும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தணும் சார்” என்றேன்.

“பொருந்தணும்னா? கல்யாணமா பேசுறோம் இங்க?”

காம்ப்ளெக்ஸ், கான்ஜுகேட் என்ற இரண்டு சொல்லும் எனக்கு வரவில்லை. அந்த இரண்டு சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டு பேருமே மாட்டியிருப்போம். ஆறு மாதம் போனது.

இது மூன்றாவது முறை. மற்ற எல்லாப் பாடமும் முடிந்து, வேலைக்கான கடிதமும் கையில் இருந்தது. அடுத்த மாதம் முதல் தேதி சேரவேண்டும். கடிதத்தில் ஒரே ஒரு நிபந்தனை: அரியர் எதுவும் இருக்கக்கூடாது. இந்த லேபில் விழுந்தால் கடிதம் வெறும் காகிதம்.

காலையில் அக்கா போன் செய்தாள். அவள் ஒரு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் இருக்கிறாள்.

“இன்னிக்கு என்னடா பண்ணப்போற?”

“எந்தப் பரிசோதனை வந்தாலும் அட்டவணை மனப்பாடம். பத்துக்குப் பத்தும்.”

“நான் அப்படி எழுதுனா என்ன ஆகும் தெரியுமா? வர்றவன் எல்லாருக்கும் ஒரே சுகர்.”

“உனக்கு நோயாளி இருக்கான்க்கா. எங்களுக்கு ரெசிஸ்டர். அதுக்கு வலிக்காது.”

“சரி, இந்த தடவையாவது தேறி வா. கை கழுவிட்டு சாப்பிடு” என்று வைத்துவிட்டாள். எந்தப் போனையும் அவள் இப்படித்தான் முடிப்பாள். அது அவள் தொழில் பழக்கம்.

லேபுக்குள் நுழைந்தாலே ஒரு வாடை வரும். பற்றவைக்கும் பழைய ஃப்ளக்ஸ், ஈரமான லேப் கோட்டு, யாரோ மேசை இழுப்பறையில் விட்டுப்போன வாழைப்பழம், மூன்றும் சேர்ந்த வாடை. மின்னலையைக் காட்டும் ஆஸிலோஸ்கோப்பின் பொத்தான்களில் தலைமுறை தலைமுறையாக வியர்வை ஒட்டிக் காய்ந்து பழுப்பாகிவிட்டது. ப்ரோப் கம்பியைத் தொட்டால் விடமாட்டேன் என்று கையைப் பிடித்துக்கொள்ளும். நாங்கள் இருபது பேர். பத்தொன்பது ஜூனியர்கள், அப்புறம் நான். எல்லாரும் என்னை ‘அண்ணா’ என்றார்கள். தேர்வு அறையில் அந்தச் சொல்லைப் போலக் கேவலப்படுத்தும் சொல் வேறு இல்லை.

சாக்பீஸ் டப்பாவில் சீட்டு. எடுத்தேன். எட்டு.

என் பக்கத்து மேசைக்கும் எட்டுதான் வந்தது. அங்கே இருந்த பெண்ணுக்கு அச்சகம் என்று பெயர். கையெழுத்து அப்படியே அச்சடித்த மாதிரி இருக்கும். அவள் நோட்டைத்தான் மொத்த வகுப்பும் நகல் எடுக்கும்.

“எட்டு ஈஸிண்ணா” என்றாள். “முன்னூறுல முப்பது. இருநூறுல குழியை மட்டும் மறந்துடாதீங்க.”

“குழி தூக்கத்துல கூட வரும்மா.”

அப்போதுதான் வெளித்தேர்வாளர் எழுந்து நின்றார். வேறு கல்லூரிக்காரர். பேனா மூடியைக் காதுக்குள் விட்டுக் குடைந்து, எடுத்துப் பார்த்து, மறுபடியும் பேனாவில் மாட்டிக்கொண்டார். அந்தப் பேனாவால்தான் எங்களுக்கு மதிப்பெண் போடப்போகிறார்.

“ரெகுலர் பசங்க பேப்பரை எழுதி வெச்சுட்டுப் போகலாம். அரியர் கேஸ் யாரு?”

கையைத் தூக்கினேன்.

“நீ மட்டும் உச்ச ரீடிங்கை எனக்கு ஸ்கோப்புல நேர்ல காட்டணும். காட்டினா பாஸ். அரியர் பசங்களை நம்பக்கூடாதுன்றது என் கொள்கை.”

பரவாயில்லை என்று நினைத்தேன். பெட்டியை மாட்டி, லோடை முந்நூறில் வைத்தால் முப்பது மில்லிவாட் வந்துவிடும். பெட்டி என்பது சோர்ஸ். ஒரு சிக்னல் ஜெனரேட்டர், அதோடு தொடராக ஒரு மூடிய பெட்டி. சென்ற முறை இருந்த மரப்பெட்டி இப்போது இல்லை. கல்லூரியை ஆய்வு செய்யப் பார்வைக் குழு வருகிறது என்று இந்த வருடம் புதிதாக வாங்கியிருந்தார்கள். பளபளப்பான மூடி, வாரண்டி ஸ்டிக்கர், அதன் மேல் அச்சடித்த எழுத்து: ஆயிரம் ஹெர்ட்ஸில் ரெசிஸ்டன்ஸ் முந்நூறு ஓம், ஜெனரேட்டரின் ஐம்பதும் சுருளின் கம்பியும் சேர்த்து, ரியாக்டன்ஸ் கூட்டல் நானூறு ஓம், சுருள்.

லோடு எதுவும் மாட்டாமல் ஜெனரேட்டரை ஆயிரம் ஹெர்ட்ஸ், ஆறு வோல்ட்டுக்கு வைத்தேன். லோடு ரெசிஸ்டர் பெட்டியைத் திருகி முந்நூறுக்குக் கொண்டுவந்து மாட்டினேன். ஸ்கோப் லோடின் மேல் மூன்று வோல்ட் காட்டவேண்டும். மூன்றின் வர்க்கம் ஒன்பது, வகுத்தல் முந்நூறு, முப்பது மில்லிவாட்.

ஸ்கோப் இரண்டரை வோல்ட் என்றது.

ப்ரோபைப் பிடுங்கித் துடைத்து மாட்டினேன். இரண்டரை. ஸ்கோப்பின் தலையில் தட்டினேன். இந்த லேபில் அது அங்கீகரிக்கப்பட்ட முறை. இரண்டரைதான். கணக்குப் போட்டால் இருபத்தொன்றுக்குச் சற்றுக் கீழே. ஒன்பது மில்லிவாட் எங்கேயோ போயிருந்தது.

லோடை நானூறாக்கினேன். பவர் குறையவேண்டும், ரெக்கார்டின்படி. கூடியது. ஐந்நூறில் இருபத்திரண்டரை. அறுநூறில் ஒரு மயிரிழை இறங்கியது. ஆக, இந்தப் பெட்டிக்கு உச்சி ஐந்நூறில். உயரமும் இருபத்திரண்டரையோடு சரி. நான் மனப்பாடம் செய்திருந்த குன்று வேறு ஊர்க் குன்று.

லேப் அண்ணன் ஜன்னல் ஓரம் ஸ்டூலில் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தார். கருவிகளைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். கடித்த துண்டை வீணாக்காமல் பக்கத்திலிருந்த காலி டப்பாவில் போட்டுச் சேர்ப்பார். எதற்கென்று யாரும் கேட்டதில்லை. மெல்ல அவரிடம் போனேன்.

“அண்ணே, பெட்டி கெட்டுப்போச்சு.”

“புதுப் பெட்டி, எப்படிக் கெடும்?”

“முன்னூறுல முப்பது வரமாட்டேங்குது. பழைய பெட்டியில வந்துச்சே.”

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். “பழையதுல நான் கம்பி போட்டிருந்தேன்” என்றார்.

“என்ன கம்பி?”

“உள்ள சுருள் இருக்குல்ல, அதோட ரெண்டு முனைக்கும் குறுக்க ஒரு செப்புக் கம்பி பத்தவெச்சேன். கரண்ட் சுருள்ல போகாது, கம்பியிலயே போயிரும். அப்ப வெறும் முன்னூறுதான் மிச்சம். ரீடிங் நோட்டுல இருக்கற மாதிரியே வரும்.”

“எப்பப் போட்டீங்க?”

“ஏழெட்டு வருஷம் இருக்கும். அதுக்கு முன்னாடி ரீடிங் வரலை, பெட்டி சரியில்லைன்னு வருஷா வருஷம் என் தலையைத்தான் உருட்டுனாங்க. நோட்டு தப்புன்னு எவனும் சொல்லலை. கம்பி போட்டேன். எல்லாம் சரியாப்போச்சு. சார் கூட பாராட்டுனாரு.”

“இதுல போட்டிருக்கலாம்ல?”

“வாரண்டி ஸ்டிக்கர் இருக்கு தம்பி. பிரிச்சா என்னையத்தான் கேப்பாங்க. அடுத்த வருஷம் வாரண்டி முடியட்டும், போட்டுடறேன்.”

அதாவது ஏழெட்டு வருடமாக மாறுதிசை மின்சுற்றுப் பரிசோதனை என்ற பெயரில் எல்லாரும் வெறும் ரெசிஸ்டரை வைத்துச் செய்யும் முதல் வருடப் பரிசோதனையையே மறுபடியும் செய்திருக்கிறார்கள். செய்யவும் இல்லை, பார்த்து எழுதியிருக்கிறார்கள். எதைச் சரிபார்க்க வந்தோமோ அதைச் செப்புக் கம்பியால் ஓரம்கட்டிவிட்டு, முதல் பக்கத்தில் சிவப்புக் கோடு போட்டிருக்கிறார்கள்.

மேசைக்குத் திரும்பினேன். அச்சகம் ஒரு கம்பியைக்கூடத் தொடாமல் அட்டவணையை முடித்து, கிராஃபில் குழியை நிழல் கொடுக்காத குறையாக வரைந்துகொண்டிருந்தாள். எனக்கு அந்த வசதி இல்லை. மனப்பாடத்தை ஸ்கோப்பில் காட்டமுடியாது. முந்நூறில் மூன்று வோல்ட் வந்தே ஆகவேண்டும். வராவிட்டால் முதல் தேதி போச்சு.

வேறு வழியில்லாததால் யோசித்தேன். கல்லூரியில் அதுவரை வந்திராத நெருக்கடி.

செப்புக் கம்பி என்ன செய்தது? சுருளின் நானூறை, மாறுதிசைக் கரண்டுக்கு அது கொடுக்கும் தடையை, இல்லாமல் ஆக்கியது. பெட்டியை என்னால் பிரிக்கமுடியாது. உள்ளே போகாமல் வெளியே இருந்தே அந்த நானூறைக் கொல்ல ஏதாவது வேண்டும். சுருளின் மேல் விழும் வோல்டேஜ் கரண்டுக்குக் கால் சுற்று முன்னால் ஓடும். அதே கரண்ட் போகும் பாதையில், கால் சுற்று பின்னால் வரும் ஒன்றை வைத்தால் இரண்டும் எதிரும் புதிருமாக நிற்கும். ஒன்று மேலே இழுக்கிற அதே நொடியில் மற்றது அதே அளவு கீழே இழுக்கும். கால் சுற்று பின்னால் வருவது கெபாசிட்டர். கூட்டல் நானூறுக்குக் கழித்தல் நானூறு. மிஞ்சுவது அங்கே முந்நூறு, இங்கே முந்நூறு.

அப்படியே நின்றேன். முதல் பக்கத்தில் இருந்த அந்த இரண்டு சொல் இதுதான். ரெசிஸ்டன்ஸ் அதேபோல, ரியாக்டன்ஸ் அதே அளவு, குறி மட்டும் எதிர். காப்பியடித்ததற்குத் தகுந்த மாதிரி கருவியை மடக்கத் திருட்டு வழி தேடப்போய்த் தேற்றத்தின் மேல் போய் முட்டிக்கொண்டேன். இதற்கு எனக்கு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

கெபாசிட்டர் பெட்டி எங்கே என்று தேடினேன். லேப் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். அதைத் திறந்து வைக்க ஒரு கனமான பெட்டியை முட்டுக் கொடுத்திருந்தார்கள். எல்லாரும் செருப்புக் காலால் தள்ளித் தள்ளி அதன் ஒரு பக்கம் வழுவழுப்பாகிவிட்டது. குனிந்து பார்த்தேன். கெபாசிட்டர் பெட்டி. திருகிகளுக்குள் தலைமுடி, தூசி, எப்போதோ மென்று ஒட்டிய பபிள்கம். எடுத்தேன். கதவு டமாலென்று சாத்திக்கொண்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“அண்ணா, காத்து வராது” என்றாள் அச்சகம்.

“கொஞ்ச நேரம் மூச்சை அடக்கிக்கம்மா.”

பபிள்கம்மைப் பேனாக் கத்தியால் சுரண்டினேன். அதை சோர்ஸ் பெட்டிக்கும் லோடுக்கும் நடுவே தொடராக மாட்டினேன். லோடு ரெசிஸ்டர் முந்நூறு. கெபாசிட்டரை 0.1 மைக்ரோஃபாரடில் வைத்தேன். ஸ்கோப் இரண்டரையிலிருந்து 1.35-க்கு விழுந்தது. பிறகு கணக்குப் புரிந்தது: கெபாசிட்டர் சின்னதாக இருந்தால் அதன் ரியாக்டன்ஸ் பெரியது. ஏறக்குறைய ஆயிரத்து அறுநூறு. நானூறைக் கொல்லச் சொன்னால் ஊரையே கொளுத்திவிட்டு நிற்கிறது.

0.2. இரண்டரை. எதுவுமே மாட்டாதபோது இருந்த அதே இரண்டரை. 0.3. 2.92. மூச்சை நானும் அடக்கிக்கொண்டேன். 0.4.

2.98.

0.5-இல் மறுபடி இறங்க ஆரம்பித்தது. திரும்பவும் 0.4. கணக்குப் போட்டேன். 29.6 மில்லிவாட். லோடு ரெசிஸ்டரை நானூறுக்குத் தள்ளினேன், பவர் குறைந்தது. இருநூறுக்கு இழுத்தேன், அப்போதும் குறைந்தது. முந்நூறுதான் உச்சி. இருநூறில் கிட்டத்தட்ட இருபத்தெட்டரை. குழி இல்லை. ஒன்பது வருடத்தில் முதல்முறையாக அந்தக் குன்று ஏறிய வழியில் யார் காலும் தடுக்கவில்லை.

எல்லா ரீடிங்கையும் எடுத்தேன். படத்தில் லோடு ரெசிஸ்டருக்கு முன்னால் இரண்டு இணைகோடாகக் கெபாசிட்டரை வரைந்து, பக்கத்தில் 0.4 என்று எழுதினேன். நான் வரைந்த படம் ஒன்று நான் எழுதிய ரீடிங்கோடு ஒத்துப்போவது அதுதான் முதல் தடவை.

வெளித்தேர்வாளர் வந்தார். ஸ்கோப்பைப் பார்த்தார். “2.98. சரி, முப்பதுக்குப் பக்கம்” என்று பேனா மூடியைக் கழற்றினார். அந்த மூடியின் நுனியை நான் பார்த்திருக்கக்கூடாது. அதற்குள் ஈரவிரலும் வந்துவிட்டார். நாக்கில் விரலைத் தொட்டு என் பேப்பரைத் திருப்பினார்.

“இது என்ன ரெண்டு கோடு?”

“கெபாசிட்டர் சார்.”

“லேப் மேனுவல் படத்துல இது இல்லையே.”

“இல்லைன்னா மூணு வோல்ட் வரலை சார். இரண்டரைதான் வருது.”

“எப்படி வராம இருக்கும்? இத்தனை வருஷம் வந்துருக்கு.”

ஜன்னல் ஓரத்தில் லேப் அண்ணன் நகத்தை விட்டுவிட்டுத் தோலைக் கடிக்க ஆரம்பித்தார். நான் செப்புக் கம்பி பற்றி வாயைத் திறக்கவில்லை. அவர் வேலை அவருக்கு.

வெளித்தேர்வாளர் பெட்டியின் ஸ்டிக்கரைக் குனிந்து படித்தார். நிமிர்ந்தபோது முகம் கொஞ்சம் மாறியிருந்தது. “ஒண்ணு கேக்கறேன்” என்றார் என்னிடம். “மேட்ச் பண்ணணும், அவ்வளவுதானே. சோர்ஸ்ல முன்னூறும் சுருள் நானூறும் இருக்கு. லோடுலயும் முன்னூறும் சுருள் நானூறும் வெச்சா? ரெண்டும் ஒரே மாதிரி ஆயிடுச்சே.”

“ஆகாது சார். ரெசிஸ்டன்ஸ் கூட்டி அறுநூறு, சுருளும் சுருளும் சேந்து எண்ணூறு. மொத்தம் ஆயிரம் ஓம். ஆறு மில்லிஆம்ப்தான் போகும். லோடுக்கு 10.8 மில்லிவாட். எதுவும் மாட்டாம விட்டதை விட மோசம்.”

“கெபாசிட்டர் வெச்சா?”

“நானூறுக்கு நானூறு அடிபட்டுப் போயிடும். வெறும் அறுநூறு. பத்து மில்லிஆம்ப். முப்பது மில்லிவாட். சுருள் ஒவ்வொரு சுற்றுலயும் வாங்கித் திருப்பித் தர்றதை, சோர்ஸுக்குப் பதிலா கெபாசிட்டரே கொடுத்து வாங்கிக்குது. அதனாலதான் கான்ஜுகேட் சார்.”

“வெறும் ரெசிஸ்டர் மட்டும்தான் கையில இருக்குன்னா?”

“அப்ப ஐந்நூறு, சார். முன்னூறும் நானூறும் செங்குத்தா வெச்சா வர்ற கர்ணத்தோட நீளம். அதுலயும் இருபத்திரண்டரைதான்.”

அவர் தலையை ஆட்டினார். “கரெக்ட்” என்றார். மெல்ல, யாருக்கும் கேட்காத மாதிரி. அந்த ஒரு நொடி, இந்தக் கட்டடத்தின் மேல் எனக்கு இருந்த எல்லா அருவருப்பையும் வாபஸ் வாங்கிக்கொள்ளலாமா என்று நினைத்தேன். நல்லவேளை, அவசரப்படவில்லை.

ஈரவிரல் அவரைக் கொஞ்சம் தள்ளி அழைத்துக்கொண்டு போனார். தள்ளி என்றால் இரண்டடி.

“சார், இவனுக்கு இதைச் சரின்னு போட்டா, மூணு நாளா நீங்க கையெழுத்துப் போட்ட எட்டாவது பேப்பர் எல்லாம் என்ன ஆகும்? கெபாசிட்டர் இல்லாமத்தானே முப்பது வந்துருக்கு.”

“அதெல்லாம் நான் ஸ்கோப்புல பாக்கலையே.”

“அதைத்தான் சொல்றேன். பாக்கலை. மேனுவல் வேற நம்ம ரெண்டு பேரும் உக்காந்து ஒப்புதல் கொடுத்தது. முதல் பக்கத்துல உங்க பேரு, என் பேரு.”

வெளித்தேர்வாளர் பேனா மூடியைக் காதுக்குக் கொண்டுபோனார். குடைந்தார். இந்த முறை எடுத்துப் பார்க்கவில்லை; அப்படியே நிறுத்தி யோசித்தார். பக்கத்து மேசையில் அச்சகம் தன் பேப்பரைக் கையால் மூடிக்கொண்டாள், என்னவோ நான் அதைத்தான் பார்த்து எழுதப்போகிறவன் போல.

இருவரும் திரும்பி வந்தார்கள். ஈரவிரலின் குரலில் தேன் ஒழுகியது. “தம்பி, வேலை கிடைச்சிருக்காமே?”

“ஆமா சார். முதல் தேதி.”

“நல்லது. ரீடிங் எல்லாம் அருமையா இருக்கு. அதைத் தொடவேண்டாம். படத்துல அந்த ரெண்டு கோட்டை மட்டும் அழிச்சிடு. மேனுவல்படி இருக்கட்டும்.”

நான் வெளித்தேர்வாளரைப் பார்த்தேன். அவர் ஸ்கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், அதை அழிச்சா இந்த ரீடிங் வராதே. நீங்களே கரெக்ட்னு சொன்னீங்க.”

“வாய்மொழியில சொன்னது கரெக்ட்” என்றார் அவர். “அதுக்கு முழு மார்க் போடறேன். பேப்பர்ங்கறது வேற.”

“அழிக்கலைன்னா?”

“மேனுவல்ல இல்லாத சர்க்யூட்” என்றார் ஈரவிரல். “அதுக்கு மார்க் போட எங்களுக்கு அதிகாரம் இல்லை. ஆறு மாசம் கழிச்சு வா, பேசலாம்.”

யாரும் மிரட்டவில்லை. யாரும் குரலை உயர்த்தவில்லை. ஒருவர் ஈர விரலோடும், ஒருவர் காது மூடியோடும் என் மேசைக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். மூன்றாவதாக நான் நின்றேன், ரப்பரைத் தேடிக்கொண்டு. நான் பெரிய வீரம் பேசியதாக எழுத ஆசைதான். இதைப் படிப்பவர்களில் பலர் என் வகுப்பில் இருந்தவர்கள் என்பதால் முடியவில்லை.

“இந்தாங்கண்ணா” என்று அச்சகம் தன் ரப்பரை நீட்டினாள். அதில் ஒரு பூப்படம் போட்டிருந்தது.

அழித்தேன். முதல் கோடு போனது. இரண்டாவது கோடு போகவில்லை. அழுத்தி வரைந்திருந்தேன், முதல் முறையாக நம்பி வரைந்தது. எச்சிலால் ஏற்கெனவே ஊறியிருந்த மூலைக்குப் பக்கத்தில் அது இருந்ததால் தேய்க்கத் தேய்க்கக் காகிதம் புழுப்புழுவாகச் சுருண்டு வந்தது. ஊதினேன். கெபாசிட்டர் இருந்த இடத்தில் ஒரு கம்பியை நேராக வரைந்தேன்.

ஈரவிரல் கிராஃபைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

“குழி எங்க?”

“குழி வரலை சார்.”

“எல்லாருக்கும் வந்துருக்கே. இருநூறுல பாரு, நீ 28.5 போட்டிருக்க. பார்வைக் குழு பேப்பரை எல்லாம் அடுக்கி வெச்சுப் பாப்பாங்க. உன்னோடது மட்டும் தனியாத் தெரிய வேணாம்.”

ரீடிங்கைத் தொடவேண்டாம் என்று சொல்லி நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. 28.5-ஐ அழித்து 23.8 என்று எழுதினேன். வழவழவென்று ஏறிய குன்றில் ஒரு குழியைத் தோண்டினேன். அச்சகம் எட்டிப் பார்த்து, “இன்னும் கொஞ்சம் கீழண்ணா” என்றாள். கீழே இறக்கினேன்.

எண்பத்தாறு மதிப்பெண். அந்தப் பேனாவால்தான் வெளித்தேர்வாளர் எழுதினார். கையெழுத்துப் போட்டு, ஆபீஸில் சேர்க்கச் சொல்லிப் பேப்பரை என் மார்போடு தட்டிக் கொடுத்தார். “நல்ல மூளை உனக்கு. மேலே படி” என்றார். நான் நன்றி சொன்னேன். சொன்னது என் வாய்தான். நானும் பக்கத்திலிருந்து கேட்டேன்.

எல்லாரும் கிளம்பினார்கள். கம்பிகளைக் கழற்றும்போது ஸ்கோப் கடைசியாக 2.98-ஐக் காட்டிவிட்டு அணைந்தது. லேப் அண்ணன் வந்து கெபாசிட்டர் பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

“என் பேரை இழுக்காம விட்டதுக்கு நன்றி தம்பி.”

“பரவாயில்லண்ணே.”

“பபிள்கம்மை எல்லாம் சுரண்டிட்டியா? அதுதான் தரையில வழுக்காமப் பிடிச்சுக்கும்” என்று வருத்தப்பட்டுக்கொண்டே பெட்டியைக் கீழே வைத்து, செருப்புக் காலால் கதவுக்குக் கீழே தள்ளினார். கதவு நின்றது. காற்று வந்தது.

வராந்தாவில் அச்சகம் ஓடிவந்து பிடித்தாள். அவளோடு நான்கைந்து ஜூனியர்கள்.

“அண்ணா, உங்க எட்டாவது அட்டவணையைக் குடுங்களேன். நாங்க ஜூனியர்களுக்கு மாஸ்டர் காப்பி போடணும்.”

“உன்கிட்டதான் இருக்கே.”

“எங்களோடதுல எல்லாம் நம்பர் ரொம்பச் சுத்தமா இருக்குண்ணா, 30.0, 30.0-ன்னு. உங்களோடதுல 29.6-ன்னு நிஜமா எடுத்த மாதிரியே இருக்கு. குழியும் இருக்கு. இனிமே எல்லாரும் இதையே எழுதட்டும்.”

அவள் போனை நீட்டி நான்கு பக்கத்தையும் படம் எடுத்தாள். இரண்டாம் பக்கத்தில் அழித்த இடம் லேசாகத் தெரிந்தது. “அங்க ஏதோ அழுக்கு இருக்கு, எடிட் பண்ணிடறேன்” என்றாள். அடுத்த வருடம் நூற்றிருபது பேர் என் 29.6-ஐ எழுதுவார்கள். அதற்கடுத்த வருடமும். வாரண்டி முடிந்து லேப் அண்ணன் கம்பி போட்டபின், யாராவது வழி தவறி நிஜமாக அளந்து பார்த்தால் அதுவும் ஏறக்குறைய ஒத்துப்போகும். யாருக்கும் எந்தச் சந்தேகமும் வராது.

கான்டீனில் உட்கார்ந்து அக்காவுக்குப் போன் செய்தேன்.

“தேறிட்டேன்க்கா. எண்பத்தாறு.”

“அப்பாடா. ரீடிங் சரியா வந்துச்சா?”

“வந்துச்சு. அப்புறம் அழிக்கச் சொன்னாங்க, அழிச்சிட்டேன்.”

அந்தப் பக்கம் ஏதோ மெஷின் சுற்றும் சத்தம் கேட்டது. திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

“சரி” என்றாள். “கை கழுவிட்டு சாப்பிடு.”

குழாயடியில் போய் நின்றேன். நகத்துக்கடியில் பபிள்கம்மும் பென்சில் கரியும் ரப்பர்த் துகளும் அப்பியிருந்தன. சோப்பு கிண்ணத்தில் சோப்பு இல்லை; யாரோ துப்பியிருந்தார்கள். வெறும் தண்ணீரில் தேய்த்தேன். வரிசையில் என் பின்னால் ஈரவிரல் வந்து நின்று, “ஆச்சாப்பா?” என்று சிரித்தார். நகர்ந்து வழிவிட்டேன். அவர் விரலை மட்டும் நனைத்துக்கொண்டு போனார்.